டிராக்கிங் பக்கத்தில் பார்சல் நகர்கிறது, ரோட்டில் நகரவில்லை

இன்ஸ்டாகிராமில் பழைய கேமரா லென்ஸ் ஒன்று 18,000 ரூபாய்க்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் சூரத், வாங்குபவர் மதுரை. யூபிஐயில் பணம் போன ஒரு மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வருகிறது. திறந்தால் மஞ்சள் வேன் படம், டிராக்கிங் எண், ‘சூரத் கிடங்கிலிருந்து புறப்பட்டது’ என்ற வரி. மறுநாள் மும்பை, அதற்கடுத்த நாள் ஹைதராபாத். பார்சல் வந்துகொண்டிருக்கிறது என்று வாங்கியவர் நிம்மதியாக இருக்கிறார்.

அந்த நிம்மதிக்காகத்தான் அந்தப் பக்கமே. இப்படிப்பட்ட தளங்கள் ரெடிமேடாகக் கிடைக்கின்றன. பின்னால் ஒரு அட்மின் பக்கம் இருக்கும். மோசடிக்காரர் அதில் ஊர், தேதி, நிலை என்று தட்டச்சு செய்தால் முன்னால் அது அப்படியே தெரியும். எந்த ஸ்கேனரும் எந்தப் பார்சலையும் தொட்டிருக்காது. வாங்கியவர் ஒரு வாரம் காத்திருந்தால் போதும், பணம் பல கணக்குகளுக்குக் கை மாறிவிடும்.

முதல் தவறு: விற்பவர் தந்த லிங்க்கிலேயே சரிபார்ப்பது

இது திருடனிடமே சாட்சி கேட்பது போல. லிங்க்கைத் தொடாமல் எண்ணை மட்டும் காப்பி செய்துகொள்ளுங்கள். “எந்த கூரியர்?” என்று கேட்டுப் பெயரை வாங்குங்கள். பிறகு அந்த கூரியரின் முகவரியை நீங்களே பிரவுசரில் தட்டச்சு செய்யுங்கள்: ஸ்பீட் போஸ்ட் என்றால் `www.indiapost.gov.in`, டெல்லிவரி என்றால் `delhivery.com`, புளூ டார்ட் என்றால் `bluedart.com`. கூகுளில் தேடி முதலில் வருவதைத் தட்ட வேண்டாம், விளம்பர இடத்தில் போலித் தளமும் வரலாம். கஸ்டமர் கேர் எண்ணுக்கும் இதே விதிதான். போலி எண்ணில் எடுப்பவர் ‘முகவரியை உறுதிசெய்ய 5 ரூபாய் அனுப்புங்கள்’, ‘இந்த ஆப்பை இறக்குங்கள்’ என்று ஆரம்பித்தால் இருக்கிற பணமும் போகும்.

முகவரியை வாசிக்கும் முறையிலும் பலர் ஏமாறுகிறார்கள். உதாரணத்துக்கு இது:

```
https://indiapost.gov.in.parcel-trace.example/track
```

தொடக்கத்தில் அரசு முகவரி இருக்கிறதே என்று கண் நின்றுவிடுகிறது. ஆனால் `https://` கழிந்து வரும் முதல் சாய்கோடு வரை எடுத்துக்கொண்டு, அதைக் கடைசியிலிருந்து பின்னோக்கி வாசிக்க வேண்டும். இங்கே தளத்தின் உரிமையாளர் `parcel-trace.example`. முன்னால் ஒட்டியிருப்பது யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளக்கூடிய அலங்காரம். அஞ்சல் துறையின் முகவரி `gov.in` என்றுதான் முடியும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கூரியரின் தளம் இல்லை என்பதாலேயே ஒரு பக்கம் போலி ஆகிவிடாது. ஷிப்ராக்கெட் போன்ற இடைநிலைச் சேவை வழியாக அனுப்பும் நல்ல கடைகளும் அந்தச் சேவையின் டிராக்கிங் பக்கத்தைத்தான் அனுப்பும். ஆனால் அதில் கூரியரின் பெயரும், அந்த கூரியர் பார்சலுக்குத் தரும் டிராக்கிங் எண்ணான ஏ.டபிள்யூ.பி. எண்ணும் இருக்கும். அந்த எண்ணைக் கூரியரின் சொந்தத் தளத்தில் போட்டால் அதே விவரம் வர வேண்டும். ‘எங்கள் பக்கத்தில் மட்டும்தான் தெரியும்’ என்று விற்பவர் சொன்னால் அங்கேயே விஷயம் முடிந்தது.

எண்ணையே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

ஸ்பீட் போஸ்ட் எண்ணில் 13 இடங்கள்: இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் IN. ஒன்பதாவது இலக்கம் சோதனை இலக்கம். முதல் எட்டு இலக்கங்களிலிருந்து கணக்குப் போட்டு வருவது அது. விற்பவர் `EE123456789IN` என்று தந்திருந்தால், முதல் எட்டு இலக்கங்களை முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள்:

```
1×8 + 2×6 + 3×4 + 4×2 + 5×3 + 6×5 + 7×9 + 8×7 = 204
204 ÷ 11 → மீதி 6
11 − 6 = 5
```

கடைசி இலக்கம் 5 ஆக இருந்திருக்க வேண்டும், இருப்பதோ 9. மனம்போன போக்கில் தட்டிய எண் இது. (விடை 10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் எடுத்துக்கொள்ள வேண்டும்.) கணக்கு தப்பினால் எண் தவறு. அதற்காக, சரியாக வந்துவிட்டதால் பார்சல் உண்மை என்று ஆகாது. அது எண்ணின் அமைப்பு சரி என்பதை மட்டுமே காட்டுகிறது.

‘இன்னும் அப்டேட் ஆகவில்லை’ என்பதை நம்புவது

அஞ்சலகக் கவுன்ட்டரில் ஸ்பீட் போஸ்ட் பதியும்போதே எண் கணினியில் ஏறி, ரசீதும் அச்சாகிவிடுகிறது. எனவே ரசீதின் படத்தைக் கேளுங்கள். அதில் பதிந்த அலுவலகம், தேதி, நேரம், எடை, சேரும் பின்கோடு எல்லாம் இருக்கும். தனியார் கூரியரில் லேபிள் போட்டுப் பார்சலை எடுக்காமல் வைத்திருப்பது உண்டு, அதனால் ஒரு நாள் பொறுக்கலாம். போலிப் பக்கத்தில் பார்சல் மூன்று ஊர் தாண்டியிருக்க, கூரியரின் தளம் அப்படி ஒரு எண்ணே இல்லை என்றால் பொறுக்க எதுவும் இல்லை.

எண் உண்மை, பார்சல் வேறு

கூரியரின் தளத்திலேயே எண் தெரிகிறது, மதுரைக்கு வந்து ‘டெலிவரி ஆனது’ என்றும் காட்டுகிறது, ஆனால் வீட்டுக்கு எதுவும் வரவில்லை. இது கொஞ்சம் கெட்டிக்கார மோசடி. அதே ஊரில் வேறு யாருக்கோ போன பார்சலின் எண்ணைக் கொடுத்திருக்கலாம். இல்லையென்றால் அதே பின்கோடுக்கு ஒரு வெற்றுக் கவரை வேண்டுமென்றே அனுப்பியிருக்கலாம். டிராக்கிங் பக்கத்தில் பொதுவாகப் பெயரும் தெருவும் தெரியாது என்பதுதான் இதற்கு வழிவிடுகிறது.

இங்கே எடையும் தேதியும் காட்டிக்கொடுக்கும். நம் உதாரணத்தில் லென்ஸ் மட்டுமே முக்கால் கிலோ, பெட்டியோடு ஒரு கிலோவைத் தாண்டும். ரசீதில் எடை 40 கிராம் என்றால் போனது ஒரு காகிதக் கவர். பதிவு தேதி நீங்கள் பணம் கட்டிய தேதிக்கு முந்தியதாக இருந்தாலோ, பதிந்த ஊர் சூரத்துக்குச் சம்பந்தமே இல்லாததாக இருந்தாலோ அது உங்கள் பார்சல் அல்ல. எண்ணை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிக்கு டெலிவரி செய்யும் அஞ்சலகத்துக்கு நேரில் போய், அது யார் முகவரிக்குப் போனது என்று கேட்டு எழுத்துமூலம் புகார் கொடுங்கள். தனியார் கூரியர் என்றால் டெலிவரி அத்தாட்சியை, அதாவது பி.ஓ.டி.யைக் கேளுங்கள். வேறொருவர் பெயரைச் சொல்ல மறுத்தாலும், ‘உங்கள் முகவரிக்கு இந்த எண்ணில் எதுவும் வரவில்லை’ என்று எழுத்தில் கிடைத்தால் போதும். கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கியில் மறுப்பு எழுப்ப அது கைகொடுக்கும்.

‘பார்சலை விடுவிக்க’ இன்னொரு தொகை

நான்காம் நாள் பக்கம் சிவப்பாக மாறும்: ‘கஸ்டம்ஸில் நிறுத்தப்பட்டுள்ளது, 2,450 ரூபாய் கட்டவும், டெலிவரியின்போது திருப்பித் தரப்படும்’. சூரத்திலிருந்து மதுரைக்கு வரும் பார்சலுக்கு ஏது கஸ்டம்ஸ்? சுங்கம் நாட்டு எல்லையைத் தாண்டும் பொருளுக்குத்தான். நாய்க்குட்டி விற்பதாகச் சொல்பவர்கள் இதையே ‘குளிர்சாதனக் கூண்டு’, ‘திரும்பக் கிடைக்கும் இன்சூரன்ஸ்’ என்ற பெயர்களில் கேட்பார்கள். ஒரு முறை கட்டினால் அடுத்த தொகைக்கு அடுத்த காரணம் வரும்.

சந்தேகம் வந்ததும் விற்பவரிடம் சண்டை போடுவது பலரும் செய்யும் தவறு. அவர் உங்களை பிளாக் செய்வார், பக்கமும் காணாமல் போகும். முகவரிப் பட்டை முழுதும் தெரியும்படி டிராக்கிங் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அரட்டையையும் விற்பவரின் யூபிஐ ஐடியையும் சேமியுங்கள். யூபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க யூ.டி.ஆர். எண் இருக்கும், அதைக் குறித்துக்கொண்டு உடனே 1930-ஐ அழையுங்கள். `cybercrime.gov.in` தளத்திலும் பதியலாம். புகார் சீக்கிரம் போனால், மோசடிக்காரரின் கணக்கில் இன்னும் கிடக்கும் பணத்தை வங்கி முடக்கி வைக்க வாய்ப்புண்டு.