சொல்லிறுதியில் d எங்கே போனது? ஒலியனியல் கணக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒலியனியல் பயிற்சித்தாள் திருத்துகிறவர்களுக்கு ஒரு தண்டனை உண்டு. தாம் மாணவராக இருந்தபோது செய்த தவறையே வேறு கையெழுத்தில் ஆண்டுதோறும் படிக்க வேண்டும். குறியீடு மாறிப்போவது, சாய்கோட்டுக்குப் பதில் சதுர அடைப்பு போடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அவை தானாகவே சரியாகிவிடும். இங்கே சொல்லப்போவது மொத்தக் கணக்கையும் கவிழ்க்கும் தவறுகள். அவற்றிலும் முதலாவதுதான் இன்னும் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

தனியாக நிற்கும் வடிவத்தையே அடிவடிவம் என்று எடுத்துக்கொள்வது

எல்லாரும் கற்கும் ஜெர்மன் எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். 'சக்கரம்', 'ஆலோசனை' என்று பொருள்படும் இரண்டு சொற்கள். தமிழில் எழுதினால் இரண்டுமே 'ராட்'தான். ஜெர்மானியர் தனியாகச் சொன்னாலும் நம் காதுக்கு இரண்டும் ஒன்றே. ஆறாம் வேற்றுமை உருபு சேர்ந்ததும் பிரிந்துவிடுகின்றன. (எளிமைக்காக ஜெர்மன் ரகர ஒலியை r என்றே எழுதுகிறேன்.)

```
             தனியாக     உருபுடன்
சக்கரம்       [raːt]     [raːdəs]
ஆலோசனை     [raːt]     [raːtəs]
```

புதிதாக வருபவர் முதல் வரிசையை மட்டும் பார்க்கிறார். தனியாக [t], இரண்டு உயிர்களுக்கு நடுவில் [d]. உடனே, மற்ற வடிவங்களெல்லாம் பிறக்கும் மூல வடிவம், அதாவது அடிவடிவம், /raːt/ என்று வைத்து, 'உயிர்களுக்கு இடையில் t ஒலிப்புடைய d ஆகும்' என்று விதி எழுதிவிடுகிறார். தமிழ் பேசுபவருக்கு இது இன்னும் இயல்பாக வரும். 'பட்டம்' என்பதில் இரட்டித்து ஒலிப்பின்றி வரும் ட, 'படம்' என்பதில் உயிர்களுக்கு நடுவே ஒலிப்போடு வருகிறது. நம் நாக்குக்குப் பழகிய வழியிலேயே விதியும் ஓடிவிடுகிறது.

அந்த விதியை இரண்டாம் வரிசையில் போட்டுப் பாருங்கள். 'ஆலோசனை'யின் அடிவடிவமும் /raːt/தான். உருபு சேர்ந்தால் விதி *[raːdəs] என்று தரும். உண்மையில் வருவதோ [raːtəs]. ஒரே அடிவடிவம், ஒரே உருபு, ஒரே விதி, ஆனால் இரண்டு விடைகள். கணக்கு அங்கேயே உடைந்துவிட்டது.

நான் மாணவனாக இருந்தபோது இந்த இடத்தில் நிற்காமல் ஒட்டுப்போட்டேன். 'ஆலோசனை' விதிவிலக்கு என்று அடிக்குறிப்பில் எழுதினேன். அடுத்து 'சிவப்பான' என்ற சொல், [roːt], உருபுடன் [roːtə]. அதையும் விலக்கில் சேர்த்தேன். பிறகு 'அப்பா', [faːtɐ]. இதில் உருபே இல்லை, ஆனாலும் உயிர்களுக்கு நடுவில் t அசையாமல் இருக்கிறது. அதற்கும் ஒரு குறிப்பு. மூன்று பக்க விடையில் ஒன்றரைப் பக்கம் விதிவிலக்காகவே போனது. திருத்தியவர் ஓரத்தில் ஒரே கேள்வி எழுதியிருந்தார்: 'இவற்றுக்குள் என்ன ஒற்றுமை?' ஒற்றுமை வெட்டவெளிச்சமாக இருந்தது. எல்லாமே உண்மையான t உள்ள சொற்கள், அவ்வளவுதான். விலக்கு என்று நான் ஒதுக்கியவைதான் ஒழுங்காக நடந்துகொண்டன.

விதியைத் திருப்பிப் போட வேண்டும். சக்கரத்தின் அடிவடிவம் /raːd/, ஆலோசனையின் அடிவடிவம் /raːt/. மாறுவது t அல்ல, d. அசையின் இறுதியில் அது ஒலிப்பை இழக்கிறது.

```
அடிவடிவம்     /raːd/   /raːd+əs/   /raːt/   /raːt+əs/
ஒலிப்பிழப்பு    raːt      —           —        —
புறவடிவம்     [raːt]   [raːdəs]    [raːt]   [raːtəs]
```

முதல் பத்தியில் மட்டுமே விதி வேலை செய்கிறது. மற்ற மூன்றிலும் அதற்கு வேலை இல்லை, விலக்கும் தேவைப்படவில்லை. அடிவடிவத்தில் வேறாக இருந்த இரண்டு, புறவடிவத்தில் ஒன்றாகிவிட்டன. நியூட்ரலைசேஷன், அதாவது நடுநிலையாதல் என்று சொல்வது இதைத்தான். t, d வேறுபாடு ஜெர்மனில் உண்டு, ஆனால் அசையிறுதியில் மட்டும் அது செல்லாது.

அடிவடிவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இது: எதிலிருந்து எதைக் கணிக்க முடியும்? [raːt] என்று மட்டும் காதில் விழுந்தால் உருபு வடிவம் எது என்று யாராலும் சொல்ல முடியாது. [raːdəs], [raːtəs] தெரிந்தால் தனி வடிவத்தைத் தவறாமல் சொல்லலாம். வேறுபாடு எங்கே உயிரோடு இருக்கிறதோ அங்கிருந்துதான் அடிவடிவத்தை எடுக்க வேண்டும். அகராதியில் தலைச்சொல்லாக நிற்கிறது என்பதற்காக ஒரு வடிவத்துக்கு முன்னுரிமை கிடைத்துவிடாது.

இன்னும் சந்தேகமா? ஆங்கிலம் கற்கும் ஜெர்மானியரைக் கேளுங்கள். படுக்கையைக் குறிக்கும் [bɛd] என்பதை [bɛt] என்பார்கள். ஆங்கிலச் சொல்லின் நடுவில் உள்ள t-ஐ d ஆக்கும் பழக்கம் அவர்களிடம் இல்லை. எந்த விதி அவர்கள் வாயில் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

அதற்காக உருபு சேர்ந்த வடிவமே எப்போதும் அடிவடிவம் என்று மனப்பாடம் செய்வது

முதல் தவற்றில் அடிபட்டவர்கள் அடுத்து விழும் பள்ளம் இது. கொரியனில் 'சோறு' தனியாக [pap], எழுவாய் உருபுடன் [pabi]. மேலோட்டமாகப் பார்த்தால் சக்கரத்தின் கதையேதான். ஆனால் இங்கே அடிவடிவம் /pap/. கொரியனில் [p], [b] இரண்டும் தனித்தனி ஒலியன்கள் அல்ல, ஒன்றின் மாற்றொலிகள். உயிர்களுக்கு நடுவில் அந்த ஒலியன் ஒலிப்போடு வருவது அந்த மொழியில் பொதுவான வழக்கம். ஜெர்மனில் 'ஆலோசனை' செய்த வேலையை, அதாவது விதியை மறுத்து நிற்கும் வேலையை, செய்ய இங்கே ஒரு சொல்லும் கிடைக்காது. முதல் வரிசையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டாம் வரிசை இருக்கிறதா என்று தேடுங்கள்.

எழுத்துமுறையைப் பார்த்து விடை எழுதுவது

ஜெர்மன் எழுத்து சக்கரத்துக்கு d போட்டே எழுதும், அதாவது விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். துருக்கியில் 'புத்தகம்' தனியாக வரும்போது p போட்டும் உருபு சேரும்போது b போட்டும் எழுதுவார்கள். அங்கே எழுத்தை நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள்.

'சொல்லிறுதி' என்று எழுதி நிறுத்திவிடுவது

'குழந்தை' என்ற ஜெர்மன் சொல்லின் அடிவடிவம் /kɪnd/. அதிலிருந்து பிறந்த இரண்டு பெயரடைகளைப் பாருங்கள். 'குழந்தைக்கே உரிய' என்பது [kɪnt.lɪç], 'சிறுபிள்ளைத்தனமான' என்பது [kɪn.dɪʃ]. இரண்டிலும் d சொல்லின் நடுவில்தான் இருக்கிறது. ஒன்றில் பின்னொட்டு மெய்யில் தொடங்குவதால் d முந்தைய அசையின் கடைசியில் மாட்டி ஒலிப்பை இழக்கிறது. மற்றதில் பின்னொட்டு உயிரில் தொடங்குவதால் அடுத்த அசையின் முதலுக்கு நகர்ந்து தப்பிவிடுகிறது. 'சொல்லிறுதி' என்று எழுதிய விதி முதலாவதை விளக்காது. ஆகவே எல்லையை அசை என்றே எழுதுங்கள்:

```
[−sonorant] → [−voice] / __ ]σ
```

d மட்டுமல்ல, b, g, z எல்லாமே இதில் அடங்கும். 'நாள்' [taːk], பன்மையில் [taːgə].

அசையிறுதியில் /d/, /t/ இரண்டும் நூற்றுக்கு நூறு ஒன்றே என்று அடித்துச் சொல்வது

1980-களில் கருவி வைத்து அளந்தவர்கள் ஒரு குட்டையைக் குழப்பினார்கள். அடிவடிவத்தில் d உள்ள சொல்லில், அதற்கு முந்தைய உயிர் சில மில்லிநொடிகள் நீளமாக இருப்பதாக அளவுகள் காட்டின. கேட்பவர்களும் வெறும் ஊகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே சரியாகச் சொன்னார்கள். சொற்பட்டியலைப் படிக்கச் சொன்னதால் எழுத்தைப் பார்த்துக் கவனமாக உச்சரித்திருப்பார்கள் என்று மறுப்பும் வந்தது. நீங்கள் செய்யும் கணக்கில் /d/, /t/ இரண்டுக்கும் புறவடிவம் [t] என்று எழுதலாம், தவறில்லை. ஆனால் 'ஒலியளவில் எந்த வித்தியாசமும் கிடையாது' என்று ஒரு வரி சேர்த்தால், அந்த வரிக்கு மட்டும் சிவப்பு மை விழும்.