கம்பியில் தொங்கும்போது கடிகாரத்தைத் துரத்தாதீர்கள்

எங்கள் பயிற்சிக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் சென்ற வாரம் மிகுந்த மகிழ்ச்சியோடு வந்தார். "நேற்று ஐம்பது விநாடி தொங்கிவிட்டேன் சார், இன்று ஒரு நிமிடம்" என்றார். தோள் இறுக்கம் தளரவும் பிடி வலுக்கவும் தலைக்கு மேலுள்ள கம்பியைப் பிடித்துத் தொங்கத் தொடங்கி அவருக்கு ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. முழங்கையின் உட்பக்கம் துருத்தியிருக்கும் எலும்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். அழுத்தியதும் முகம் சுளித்தார். அன்றைக்குக் கம்பியைத் தொட வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு.

கம்பியை இறுகப் பிடிப்பது, ஆடாமல் தொங்குவது போன்றவற்றை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பார்வைக்குத் தவறாகவே தெரியாத சிலவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் நாளே முழு எடையோடு தொங்கி, விநாடிகளை எண்ணுவது

விரல்களை மடக்கும் தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதியும் மணிக்கட்டை மடக்கும் தசைகளும் முழங்கையின் உட்புற எலும்பில் ஒரே தசைநாணாகச் சேர்ந்து ஒட்டியிருக்கின்றன. நீங்கள் தொங்கும் ஒவ்வொரு விநாடியும் உடலின் எடை அந்தச் சிறிய இடத்தை இழுக்கிறது. தசை சில வாரங்களிலேயே வலுப்பெறத் தொடங்கும். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அது பழக மாதங்கள் வேண்டும். இந்த இடைவெளியில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். மூன்றாவது வாரத்தில் பிடி உறுதியாகிவிட்டதாகத் தோன்றும், நேரமும் ஏறும். தசைநாண் இன்னும் தயாராகவில்லை என்பதைக் காட்டும் அறிகுறி அப்போது பெரும்பாலும் எதுவும் இருக்காது.

நான் அன்றாடம் தொங்கினேன். மூன்று வாரத்தில் இருபது விநாடியிலிருந்து எழுபத்தைந்துக்குப் போனேன். நான்காவது வாரம் ஒரு காலையில் ஈரத் துணியைப் பிழிய முடியவில்லை. ஓய்வெடுத்தால் வலி அடங்கும், கம்பியைப் பிடித்தால் திரும்பும். முழுமையாகத் தேற ஐந்து மாதங்கள் ஆயின. அந்த ஐந்து மாதங்களில் பிடியும் போயிற்று, தோளும் மீண்டும் இறுகிப்போயிற்று. இன்றும் யாராவது "இன்று எத்தனை விநாடி?" என்று ஒருவரோடொருவர் போட்டி போடுவதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

செய்ய வேண்டியது எளிது. கால் தரையில் இருக்கட்டும். தலைக்குச் சற்று மேலே வரும் உயரத்தில் கம்பி இருந்தால் போதும். அதன் நேர் கீழே தரையில் எடை பார்க்கும் கருவியை வையுங்கள். அதன் மேல் நின்று கம்பியைப் பிடித்து, கைகள் நேராக நீளும்வரை முழங்காலை மடக்குங்கள். கருவி காட்டும் எடையை உங்கள் எடையிலிருந்து கழித்தால், கை எவ்வளவு தாங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

எண்பது கிலோ எடையுள்ள ஒருவருக்கு நான் போட்டுக்கொடுத்த கணக்கு இது. முதல் இரண்டு வாரம் கருவி 56 காட்ட வேண்டும். அதாவது கைகளுக்கு 24 கிலோ. பத்து விநாடி வீதம் நான்கு முறை, நடுவில் ஒரு நிமிட ஓய்வு, வாரத்துக்கு மூன்று நாள். அடுத்த இரண்டு வாரம் கருவியில் 48. ஐந்தாவது, ஆறாவது வாரங்களில் 40, சரிபாதி. இந்த ஆறு வாரமும் பத்து விநாடிதான். எடையும் நேரமும் சேர்ந்து ஏறக் கூடாது. ஒன்று ஏறும்போது மற்றது நிற்க வேண்டும். ஏழாவது வாரம் எடையை அப்படியே வைத்துக்கொண்டு நேரத்தை இருபது விநாடியாக்கினார். பிறகு கருவியில் 24, அதன்பின் கால்விரல் நுனி மட்டும். முழு எடைக்கு வந்தபோது மூன்று மாதம் ஆகியிருந்தது. அன்று மறுபடியும் பத்து விநாடியிலிருந்துதான் தொடங்கினார்.

முன்னேறலாமா என்பதை மறுநாள் காலை முடிவு செய்யுங்கள். உட்புற எலும்பை அழுத்திப் பாருங்கள், நீர் நிறைந்த பாத்திரத்தைத் தூக்கிப் பாருங்கள். வலித்தால் முந்தைய எடைக்குத் திரும்ப வேண்டும். இரண்டு வாரமாகியும் வலி போகாவிட்டால் இயன்முறை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

விரல் வழுக்கும்வரை தொங்குவது

இரண்டு கையும் ஒரே நேரத்தில் சோர்ந்துபோவதில்லை. பெரும்பாலும் ஒன்று முதலில் விடும். அந்த நொடியில் உடல் ஒரு பக்கமாகத் திரும்ப, முழு எடையும் மற்றத் தோளில் வெட்டி இழுக்கும். தோள் மூட்டின் கிண்ணம் ஆழமற்றது. அதை நிலைநிறுத்துவது சுற்றியுள்ள சிறு தசைகளும் நார்களும்தான். அந்த இழுப்பில் முதலில் கிழிய வாய்ப்புள்ளவை அவையே. இன்னும் பத்து விநாடி முடியும் என்று தோன்றும்போதே காலை ஊன்றிவிடுங்கள்.

தாவிப் பிடிப்பது

ஸ்டூல் வையுங்கள்.

தோளை எப்போதும் முழுக்கத் தளரவிடுவது

காதை ஒட்டித் தோள் ஏறும்படி தளர்ந்து தொங்கினால் அக்குளும் முதுகின் அகன்ற தசையும் நன்றாக நீளும். கையை உயர்த்துவதே அரிதாகிப்போன இறுக்கமான தோளுக்கு இந்த நீட்சிதான் பெரிய பயன். ஆனால் இயல்பிலேயே மூட்டு நெகிழ்ந்தவர்களுக்கு இன்னும் நீட்ட வேண்டிய தேவை இல்லை. அவர்கள் முழங்கையை மடக்காமல், தோள்பட்டை எலும்பை மட்டும் ஓரிரு விரற்கடை கீழே இழுத்து அந்த நிலையில் தொங்க வேண்டும். அப்போது தசை எடையைத் தாங்கும், மூட்டின் நார்கள் தப்பும்.

தொங்கத் தயாரா என்பதை அறிய, முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்துக் கைகளைத் தலைக்கு மேலே நீட்டிப் பாருங்கள். இடுப்பு தரையிலிருந்து வளைந்து எழாமல் கைகள் தரையைத் தொட வேண்டும். தொடாவிட்டால் கால் ஊன்றியே தொடருங்கள். தோளின் முன்பக்கமோ மேற்பக்கமோ கூர்மையாகக் குத்தினால் அது நீட்சி அல்ல, உடனே நிறுத்த வேண்டும்.

மூச்சை அடக்குவது

வாய்விட்டு எண்ணுங்கள், அடக்க முடியாது.

எவ்வளவு போதும்?

முழு எடையில் முப்பது விநாடி வீதம் மூன்று முறை வந்துவிட்டால் தோளுக்கு அதற்கு மேல் பெரிதாகக் கிடைக்கப்போவதில்லை. பிடி வலுவுக்காக ஒரு நிமிடம்வரை போகலாம். தொங்கினால் தோள் எலும்பின் வடிவமே மாறிவிடும் என்று சொல்வார்கள். அதை நம்பி நேரத்தைக் கூட்டாதீர்கள், உறுதியான சான்று இல்லை.

யார் தொங்கக் கூடாது?

தோள் ஒருமுறையாவது நழுவியவர்கள், மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் தொங்கக் கூடாது. தோளில் தசைநாண் கிழிந்தவர்கள், அண்மையில் தோளிலோ கையிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், இரவில் தூங்கவிடாத உறைந்த தோள் உள்ளவர்கள் ஆகியோருக்கும் இதுவே. கை உயர்த்தும்போது விரல்கள் மரத்துப்போனாலோ மின்சாரம் போல் சுரீரென்றாலோ, கழுத்திலோ தோளருகிலோ நரம்பு அழுந்தியிருக்கலாம். அவர்கள் காரணம் தெரியும்வரை கம்பியை விட்டுவிட வேண்டும். கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும், இறுகப் பிடித்து நிற்கும்போது அழுத்தம் ஏறும். எலும்பு தேய்ந்து வலுவிழந்தவர்களுக்கும் கருவுற்றவர்களுக்கும் ஆபத்து கீழே விழுவதில் இருக்கிறது.

அந்த ஒன்பது நாள் நண்பர் நேற்று வந்தார். அழுத்தினால் வலி இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அடுத்த வாரம் வலி இல்லாவிட்டால் மட்டும் கருவியில் கால் வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.