வேளாண் நுழைவுத்தேர்வுக் கால அட்டவணை: தோட்டத்துப் பிள்ளைகள் செய்யும் தவறுகள்

பிளஸ் டூ பொதுத்தேர்வு முடிந்த கையோடு, வேளாண் படிப்பின் அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்காகக் கியூட் என்ற பொது நுழைவுத்தேர்வை எழுதத் தயாராகும் பிள்ளைகள் ஆண்டுதோறும் கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம் பக்கமிருந்து என்னிடம் வருவார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்பதால், கோவையை மட்டும் மனத்தில் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தேர்வு தேவைப்படாது. பிற மாநில வேளாண் பல்கலைக்கழகங்களையும் நாடுகிறவர்களுக்கே இது. உயிரியல், வேதியியல், வேளாண்மை ஆகிய மூன்றையும் தேர்ந்தெடுத்த ஒரு மாணவியின் அட்டவணையை எடுத்துக்கொண்டு, அதில் நான் கண்ட தவறுகளையும் திருத்தங்களையும் இங்கே சொல்கிறேன். இதே தவறுகளை வேறு பலரின் அட்டவணைகளிலும் பார்த்திருக்கிறேன். (எந்தப் படிப்புக்கு எந்தப் பாடச் சேர்க்கை செல்லும் என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்த பிறகே அட்டவணை போட வேண்டும்.)

அந்த மாணவிக்கு மார்ச் கடைசி வாரத்திலிருந்து தேர்வு வரை 50 நாட்கள் இருந்தன. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், பாடத்துக்கு நான்கு மணி நேரம் என்று கோடு போட்டுக் கட்டம் கட்டி, சுவரில் ஒட்டியிருந்தாள். காலையில் வேதியியல், மதியம் உயிரியல், இரவு எட்டு மணிக்கு மேல் வேளாண்மை. பதினான்காம் நாள் மூன்று பாடங்களிலும் ஒரு மாதிரித் தேர்வு வைத்தேன். பாடத்துக்கு 50 கேள்வி, 60 நிமிடம். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறான விடைக்கு 1 கழிவு என்ற கணக்கில் 250-க்கு உயிரியலில் 176, வேதியியலில் 118, வேளாண்மையில் 76 எடுத்தாள். வேளாண்மையில் 50 கேள்விக்கும் விடை குறித்திருந்தாள். அவற்றில் 21 மட்டுமே சரி. வேதியியலில் 38 கேள்விக்குத்தான் விடை குறித்திருந்தாள், 26 சரி. இரண்டும் குறைந்த மதிப்பெண்தான் என்றாலும் குறைந்ததற்கான காரணங்கள் வேறு வேறு. வேளாண்மையில் தெரியும் என்று நினைத்ததெல்லாம் தவறாகியிருந்தது; வேதியியலிலோ தெரிந்த கணக்கைப் போட்டு முடிக்க நேரம் போதவில்லை. அட்டவணையைத் திருத்துவதற்கு முன்னால் இந்த வேறுபாட்டைப் பார்த்துவிட வேண்டும். பார்க்காதவர்கள், எந்தப் பாடத்தில் மதிப்பெண் குறைந்ததோ அதற்கு ஒரு மணி நேரத்தைக் கூட்டிவிட்டு, பழைய முறையிலேயே படித்துக்கொண்டிருப்பார்கள்.

வேளாண்மையை இரவின் கடைசிக்குத் தள்ளியதுதான் முதல் தவறு. பதினான்கு நாட்களில் 56 மணி நேரம் ஒதுக்கியிருந்தவள், உண்மையில் படித்தது ஒன்பது மணி நேரம் என்று அவளே கணக்குப் பார்த்துச் சொன்னாள். அவளுடைய அப்பாவும் என்னிடம், "தோட்டத்துலயே வளந்த புள்ளைங்க, அதுக்கு வேளாண்மை தனியாப் படிக்கோணுங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. மஞ்சள் கிழங்கை எப்படி நடுவது, கோழி எத்தனை நாள் அடைகாக்கும் என்பதெல்லாம் அவளுக்குக் கைவந்த அறிவு. ஆனால் தேர்வு அந்த அறிவை வேறு அளவில், வேறு பெயரில் கேட்கிறது. ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா என்று வீட்டில் பேசுவார்கள். கேள்வித்தாள் ஹெக்டேருக்கு எத்தனை கிலோ தழைச்சத்து என்று கேட்கும். இப்போது வரும் யூரியா மூட்டை 45 கிலோ, அதில் தழைச்சத்து 46 விழுக்காடு. ஆக ஒரு மூட்டையில் 20.7 கிலோ. ஒரு ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர் என்பதால், ஹெக்டேருக்குச் சுமார் 51 கிலோ தழைச்சத்து ஆகிறது. காங்கேயம் காளையை நாள்தோறும் பார்க்கிறவளுக்கு, அது உழைப்பினம் என்ற வகையில் சேரும், சிந்தி மாடு பாலினம் என்ற வகையில் சேரும் என்ற புத்தகப் பாகுபாடு தெரிந்திருக்கவில்லை. பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள், எருமைக்குச் சுமார் 310 நாள் என்பதையும் இரண்டுக்கும் பொதுவாகப் பத்து மாதம் என்றே எழுதினாள். வீட்டில் அதற்கு மேல் துல்லியம் தேவைப்பட்டதில்லை.

ஆகவே வேளாண்மையைக் காலை ஒன்பது மணிக்கு, மனம் தெளிவாக இருக்கும் நேரத்துக்குக் கொண்டுவந்தோம். தெரியாத பாடமாக அதைப் பாவித்துப் படிப்பதும், வீட்டுச் சொல்லை ஒரு பக்கமும் புத்தகச் சொல்லை எதிர்ப்பக்கமும் எழுதிய ஒரு தனி நோட்டு வைப்பதும் இங்கே பயன்பட்டன. வேதியியல் கணக்குகளுக்கு அதிகாலை ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, அந்த நேரத்தில் படிப்பதை விட்டுவிட்டுக் கடிகாரத்தை வைத்துக் கணக்குப் போடுவதை மட்டுமே செய்யச் சொன்னேன். மின்வேதியியல், வேதிவினை வேகவியல், கரைசல்கள் ஆகிய மூன்றிலும் அவளுக்குச் சூத்திரம் தெரியும். கைதான் மெதுவாக ஓடியது.

மூன்று பாடங்களுக்கும் நடுவே சுவர் எழுப்பியது இரண்டாவது தவறு. இதைத்தான் நான் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன், ஏனென்றால் நேரம் இதில்தான் மிகுதியாக வீணாகிறது. வேளாண்மைப் பாடத்திட்டத்தின் முதல் அலகில் வானிலையியல், மரபியலும் பயிர்ப்பெருக்கமும், உயிர்வேதியியலும் நுண்ணுயிரியலும் அடங்கியிருக்கின்றன. அவற்றுள் பாதிக்கு மேல் உயிரியலிலும் வேதியியலிலும் ஏற்கெனவே வருகிறது. அவளோ மெண்டலின் விதிகளை உயிரியலுக்காக ஒரு வாரத்திலும், வேளாண்மைக்காக இன்னொரு வாரத்திலும், இரண்டு வேறு குறிப்பேடுகளில் எழுதியிருந்தாள். இன்னொரு பக்கம், செல் பிரிதலை அவள் தொடவே இல்லை. அது பிளஸ் ஒன் பாடம், தேர்வின் உயிரியல் பட்டியல் பிளஸ் டூ அளவில் நிற்கிறது என்று சரியாகவே நினைத்தாள். ஆனால் வேளாண்மைப் பட்டியலில் மைட்டாசிஸும் மியாசிஸும் இருக்கின்றன. பள்ளிப் புத்தகத்தின் பொருளடக்கத்தைப் பார்த்து அட்டவணை போடுகிறவர்களுக்கு இப்படிப்பட்ட பகுதிகள் கண்ணில் படாமலேயே போய்விடும். மூன்று பாடங்களின் பட்டியல்களையும் அருகருகே வைத்து, ஒரே பொருள் எங்கெங்கே வருகிறது என்று கோடிட்டு இணைத்த பின்தான் நாட்களைப் பிரிக்க வேண்டும்.

தழைச்சத்து என்ற ஒரே பொருளுக்கு நாங்கள் இரண்டு நாட்கள் ஒதுக்கினோம். முதல் நாள் உயிரியலிலிருந்து ரைசோபியம், அசோஸ்பைரில்லம், நீலப்பச்சைப் பாசிகள் ஆகியவற்றைப் படித்தாள்; அவற்றையே வேளாண்மையில் உயிர் உரங்களாகப் படித்து, எது பயறு வகைக்கு, எது நெல் வயலுக்கு என்று பிரித்தாள். மறுநாள் யூரியாவின் வாய்பாடான CO(NH2)2 என்பதிலிருந்து தொடங்கினோம். மூலக்கூறு நிறை 60, அதில் தழைச்சத்தாகிய நைட்ரஜன் 28, எனவே 46.7 விழுக்காடு, மூட்டையில் 46 என்று அச்சிட்டிருப்பது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. பிறகு உரக் கணக்கு. ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்தும் 60 கிலோ மணிச்சத்தும் தர வேண்டும், மணிச்சத்தை டிஏபி உரத்தின் மூலம் தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டிஏபியில் மணிச்சத்து 46, தழைச்சத்து 18 விழுக்காடு. 60 கிலோ மணிச்சத்துக்குச் சுமார் 130 கிலோ டிஏபி வேண்டும். அதனுடனேயே ஏறத்தாழ 23.5 கிலோ தழைச்சத்தும் வந்துவிடுகிறது. மீதமுள்ள 96.5 கிலோவுக்கு மட்டும் யூரியா கணக்கிட்டால் 210 கிலோ. டிஏபியில் வரும் தழைச்சத்தைக் கழிக்க மறந்து 261 கிலோ என்று எழுதுகிறவர்கள் மிகப் பலர். மணிச்சத்து என்பது உரக் கணக்கில் P2O5 அளவைக் குறிப்பது, தனிப் பாஸ்பரஸை அல்ல என்பதையும் அதே அமர்வில் சொல்லிவிட முடிந்தது.

இதே போல மரபியலைக் கரும்போடு இணைத்துப் படித்தோம். கோவையில் 1912-இல் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் செய்த கலப்புப் பணி, பாடத்தில் ஒரு வரியாகக் கடந்துபோகிறது. சர்க்கரை மிகுந்த கரும்பை, வறட்சியையும் நோயையும் தாங்கும் காட்டு நாணல் இனத்தோடு ஏன் கலந்தார்கள் என்று கேட்டுப் படித்தால், பயிர்ப்பெருக்கத்தின் பாதி அடிப்படை விளங்கிவிடும். ஆனால் எல்லாவற்றையும் இப்படி இணைத்துவிட முடியாது. வேதிவினை வேகவியலையும் அணைவுச் சேர்மங்களையும் வேளாண்மையோடு வலிந்து ஒட்ட முயல்வது நேரத்தைத் தின்னும்; அவற்றைத் தனியே படிப்பதே சரி.

அட்டவணையின் எல்லா நாட்களும் ஒரே மாதிரி இருந்தது மூன்றாவது தவறு. ஒரு பாடப்பகுதியைப் படித்து முடித்ததும் அவள் அதன் மேல் சிவப்பு மையால் கோடு அடித்துவிடுவாள். திரும்பிப் பார்க்க ஓர் இடம்கூட இல்லை. சினைக்காலம், விதையளவு, நோய்க்கிருமியின் பெயர் போன்ற செய்திகள் ஒரு வாரத்தில் கரைந்துவிடும். படித்ததை இரண்டாம் நாள், ஏழாம் நாள், இருபத்தொன்றாம் நாள் புத்தகத்தைத் திறக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது என்று வைத்தோம். நாளுக்கு ஒரு புதிய பகுதி, ஒரு திருப்புதலுக்கு அரை மணி நேரம் என்றால், மூன்று வாரம் கழித்து ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம் பழையதற்கே போய்விடும். ஆகவே புதிய பாடத்துக்கான நேரம் வாரத்துக்கு வாரம் குறைய வேண்டும். இதைக் கணக்கில் எடுக்காத அட்டவணை மூன்றாம் வாரத்தில் தானாகவே உடையும். பிள்ளைகள் தங்களுக்குச் சோம்பல் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வருந்துவார்கள்.

எஞ்சியிருந்த 36 நாட்களில் 24 நாட்களைப் புதிய பகுதிகளுக்கும், கடைசி 12 நாட்களை மாதிரித் தேர்வுக்கும் திருத்தத்துக்கும் கொடுத்தோம். அந்த 24 நாட்களில் கடைசியாகப் படிக்கும் பகுதிக்கு இருபத்தொன்றாம் நாள் திருப்புதல் வரும் முன்பே தேர்வு வந்துவிடும். எனவே எண்களும் பெயர்களும் மிகுந்த கால்நடைப் பகுதியை முதல் வாரத்திலேயே வைத்தோம். வானிலையியல், நீர்ப்பாசனம், தோட்டக்கலைப் பயிர்களின் கவாத்து முறை போன்று புரிந்தால் நினைவில் நிற்கும் பகுதிகளைப் பின்னால் தள்ளினோம். பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் திருவிழா வரும். ஊர் நோம்பியும் கல்யாணங்களும் அதைத் தொடர்ந்து வரும். அவளது பழைய அட்டவணையில் அவற்றுக்கு இடமே இல்லாததால், ஒரு நாள் தவறினால் அடுத்த நான்கு நாட்களும் குழம்பின. புதியதில் வாரத்துக்கு அரை நாளைக் காலியாக விட்டு, மொத்த நேரத்தையும் பன்னிரண்டிலிருந்து எட்டு மணி நேரமாகக் குறைத்தோம்.

கடைசிப் பன்னிரண்டு நாட்களில் ஒரு நாள் மாதிரித் தேர்வு, மறுநாள் திருத்தம். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு குறியீடு போட்டாள்: படிக்கவே இல்லை, படித்தது மறந்துவிட்டது, கணக்கில் கை பிசகியது. முதல் வகை மிகுந்தால் பாடப்பட்டியலுக்கும், இரண்டாவது மிகுந்தால் திருப்புதலுக்கும், மூன்றாவது மிகுந்தால் அதிகாலைக் கணக்குக்கும் மறுநாளின் நேரம் போனது. இரண்டாம் மாதிரித் தேர்வில் வேளாண்மையில் அவளுக்குத் தவறியவற்றுள் பெரும்பாலானவை இரண்டாம் வகையாக இருந்தன. அன்று மாலையே திருப்புதல் வரிசையில் கால்நடைப் பகுதியை மீண்டும் முன்னுக்குக் கொண்டுவந்தோம்.