கனிந்த பழம் மட்டும் போதாது: கொய்யா ஜாம் உறையாமல் போவது ஏன்?

வீட்டில் ஜாம் செய்பவர்களில் பலர், இனி ஒரு நாள் வைத்தால் அழுகிவிடும் என்ற நிலைக்கு வந்த பழங்களையே அதற்கு ஒதுக்குகிறார்கள். ஜாம் நீர்த்துப் போவதற்கு இதுவே முதற்காரணம். சர்க்கரைப் பாகைப் போல, காய்ச்சக் காய்ச்சக் கெட்டிப்படும் பண்டம் என்று நாம் ஜாமை நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது அடுப்பில் இருக்கும்வரை தளர்வாகவே இருக்கும். ஆறும்போதுதான் பெக்டின் என்னும் பொருள் கட்டும் வலைக்குள் நீரும் சர்க்கரையும் அகப்பட்டு உறைகின்றன.

பெக்டின் என்பது பழத்தின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் பசை. காய்ப் பருவத்தில் அது நீரில் கரையாத வடிவில் இருப்பதும் காயின் கெட்டித்தன்மைக்கு ஒரு காரணமாகும். பழுக்கத் தொடங்கியதும் நொதிகள் அதைச் சிறிது சிறிதாகக் கரையும் வடிவுக்கு மாற்றுகின்றன. பழம் அளவுக்கு மீறிக் கனியும்போது அதே நொதிகள் பெக்டினின் நீண்ட சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்டிவிடுகின்றன. அந்தத் துண்டுகளால் வலை பின்ன இயலாது. எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் அவை மீண்டும் இணைவதில்லை.

ஆகவே நமக்கு வேண்டியது செங்காய், அதாவது பச்சை நிறம் மங்கி, விரலால் அழுத்தினால் இன்னும் எதிர்த்து நிற்கும் பருவம். ஆனால் செங்காய் மட்டும் போட்டால் மணமும் இனிப்பும் குறைந்துவிடும். அதனால் 1 கிலோ கொய்யாவில் 750 கிராம் அப்போதுதான் பழுத்ததாகவும் 250 கிராம் செங்காயாகவும் இருப்பதே நல்ல கலவை என்பது என் கருத்து.

பழத்தை நறுக்கி, துண்டுகள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, முதலில் சர்க்கரை சேர்க்காமல் அரைமணி நேரம் வேகவிட வேண்டும். தொடக்கத்திலேயே சர்க்கரையைக் கொட்டுவது பரவலான தவறு; அது பழத்தை மிருதுவாக விடாது, செங்காயிலுள்ள பெக்டினும் முழுமையாக வெளிவராது. வெந்ததை மசித்து, விதை நீங்கச் சல்லடையில் தேய்த்து எடுக்கலாம். பெக்டின் போதுமா என்று ஐயம் எழுந்தால், ஆறிய சாற்றில் ஒரு தேக்கரண்டி எடுத்து, அடுப்புக்கு எட்டத்தில் வைத்து, மருந்துக்கடை ஸ்பிரிட் இரண்டு மூன்று தேக்கரண்டி ஊற்றிப் பாருங்கள். ஒரே கட்டியாகத் திரண்டால் பெக்டின் நிறைய இருக்கிறது. சிறு சிறு திரிகளாகப் பிரிந்தால் குறைவு. அந்தக் கலவையை வாயில் வைக்காமல் கொட்டிவிட வேண்டும்.

பெக்டின் இருந்தால் மட்டும் போதாது. அதன் சங்கிலிகள் நீரால் சூழப்பட்டிருப்பதோடு, ஒரே வகை மின்னேற்றம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளுகின்றன. சர்க்கரை அந்த நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. புளிப்பு அந்த மின்னேற்றத்தைத் தணிக்கிறது. அப்போதுதான் அவை நெருங்கிப் பிணைகின்றன. இனிப்பு அதிகம் வேண்டாமென்று சர்க்கரையைப் பாதியாக்கினால் ஜாம் உறையாமல் போவதும், கொய்யாவுக்கு எலுமிச்சை தேவைப்படுவதும் இதனால்தான். 1 கிலோ கூழுக்கு 750 கிராம் சர்க்கரையும், மூன்று நான்கு எலுமிச்சையின் சாறோ 4 கிராம் சிட்ரிக் அமிலமோ சரியாக இருக்கும். புளிப்பைக் கடைசிக் கட்டத்தில் சேர்ப்பது நல்லது, ஏனெனில் புளிப்போடு நெடுநேரம் கொதித்தால் பெக்டின் சிதையும்.

இனி, எப்போது இறக்குவது என்பது. கண்ணுக்குக் கெட்டியாகத் தெரியும்வரை கிளறுபவர்களுக்கு ஆறியபின் மிட்டாய்போல் இழுபடும் ஜாமே மிஞ்சும். நான் நம்புவது தராசைத்தான். 750 கிராம் சர்க்கரையோடு, நீர் கலந்த கூழில் ஏறத்தாழ 80 கிராம் கரைபொருள் இருப்பதாகக் கொண்டால் மொத்தம் 830 கிராம். அது முழு எடையில் மூன்றில் இரண்டு பங்காக அமைய, ஜாம் சுமார் 1,240 கிராமுக்கு வற்ற வேண்டும். வெறும் பாத்திரத்தை முதலிலேயே நிறுத்துக் குறித்துக்கொண்டால், இடையில் இறக்கி நிறுத்துப் பார்ப்பது எளிது. வெப்பமானி இருந்தால் கடலோர ஊர்களில் 105 டிகிரி செல்சியஸில் இறக்கலாம். கொடைக்கானல் போன்ற உயரத்தில் தண்ணீரே ஏறத்தாழ 93 டிகிரியில் கொதிப்பதால், அங்கே 98 டிகிரியிலேயே பதம் வந்துவிடும். அங்கும் 105 வரை காத்திருந்தால் ஜாம் கருகத் தொடங்கும். இரண்டும் இல்லாதவர்கள், குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் நகர்த்தினால் மேற்பரப்பு சுருங்குகிறதா என்று பார்க்கலாம். சோதிக்கும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள்.

புட்டியில் ஊற்றிய ஜாம் தளர்வாகத் தெரிந்தால் உடனே மறுபடி காய்ச்சாதீர்கள். வலை முழுதாகப் பின்ன ஒரு நாள்கூட ஆகலாம். மறுநாளும் ஓடினால், செங்காயை மட்டும் வேகவைத்து வடித்த சாற்றை ஒரு கிண்ணம் சேர்த்து, அதற்கேற்பச் சர்க்கரையும் சிறிது எலுமிச்சைச் சாறும் கூட்டி, பதம் வரும்வரை மட்டும் கொதிக்கவிட்டு இறக்குங்கள்.