கணக்கைப் போடும் முன் ஒரு கேள்வி

இயற்பியல் கணக்குகளை வகை பிரிக்கச் சொன்னால் புதியவர்கள் சாய்தளம், சுருள்வில் என்று படத்தைப் பார்த்துப் பிரிப்பார்கள். தேர்ந்தவர்கள் ஆற்றல் அழிவின்மை, நியூட்டன் விதி என்று பிரிப்பார்கள். 1981-இல் சீ, ஃபெல்டோவிச், கிளேசர் ஆய்வில் தெரிந்தது இது.

பாடம் நடத்தும்போது, உராய்வில்லாத சாய்தளத்தில் சறுக்கும் கட்டையையும் நூலில் ஆடும் குண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வரையுங்கள். ஓய்விலிருந்து h உயரம் இறங்கியதும் வேகம் என்ன? விடை வேண்டாம், எந்த விதி, ஏன் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இரண்டுக்குமே ஆற்றல் அழிவின்மைதான், v = √(2gh). அப்புறம் அதே கட்டை இறங்க எத்தனை வினாடி என்று கேளுங்கள். படம் அதேதான், ஆனால் இப்போது முடுக்கம் வேண்டும். பலர் இங்கேதான் தடுமாறுவார்கள்.

விதியே புதிது என்றால், முதலில் முழுதாகத் தீர்த்த கணக்கு ஒன்றிரண்டைக் காட்டிவிடுங்கள்.