நாட்டா வரைதல் தேர்வு: கையில் எதைக் கொண்டுபோகலாம், 90 நிமிடங்களை எப்படிச் செலவிடலாம்

பி.ஆர்க். படிப்பில் சேர விரும்புகிறவர்கள் எழுதும் நாட்டா தேர்வை இந்தியாவின் கட்டடக்கலை மன்றம் நடத்துகிறது. தமிழ்நாட்டின் பி.ஆர்க். கலந்தாய்விலும் இந்த மதிப்பெண் பிளஸ் டூ மதிப்பெண்ணோடு சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. முதன்முறையாக இதை எழுதப்போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது "எனக்கு வரைய வருமா?" என்றுதான். அதைவிட முன்னால் கேட்க வேண்டியது, எந்தப் பொருட்களைக் கொண்டு எவ்வளவு நேரத்தில் வரையச் சொல்கிறார்கள் என்பது. பயிற்சியின் திசையைத் தீர்மானிப்பது அதற்கான விடைதான். இங்கே சொல்லப்படும் அமைப்பு 2025-ஆம் ஆண்டுத் தேர்வுக்கு உரியது. நீங்கள் எழுதும் ஆண்டின் கையேட்டையும் உங்கள் நுழைவுச் சீட்டில் அச்சிட்டுள்ள விதிகளையும் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தேர்வு மொத்தம் 3 மணி நேரம், 200 மதிப்பெண். அதில் பகுதி ஏ என்பது தாளில் கையால் வரையும் பகுதி: 90 நிமிடம், 80 மதிப்பெண். பகுதி பி கணினியில் விடையளிப்பது: 90 நிமிடம், 120 மதிப்பெண். தகுதி பெற, பகுதி ஏ-யில் 20, பகுதி பி-யில் 30, மொத்தத்தில் 60 என்ற மூன்று கோடுகளையும் தாண்ட வேண்டும். ஒன்றில் மிகுதியாக எடுத்து மற்றதை ஈடுகட்ட முடியாது என்பதால், "கணக்கில் பார்த்துக்கொள்ளலாம்" என்று வரைதலைக் கைவிடுவதற்கு இடமில்லை.

படி 1: பையை விதிப்படி அடுக்குதல்

தேர்வர் தாமே கொண்டுவரலாம் என்று அனுமதிக்கப்படுபவை பென்சில்கள், ரப்பர், உலர்ந்த வண்ணங்கள், 15 செ.மீ.க்கு மேற்படாத ஒரு ஸ்கேல் ஆகியவையே. இவற்றோடு நுழைவுச் சீட்டும் புகைப்படம் உள்ள அசல் அடையாள அட்டையும் தேவை. கைபேசி, கால்குலேட்டர், ஸ்மார்ட் வாட்ச் போன்ற எந்த மின்னணுக் கருவியும் அறைக்குள் போகாது.

உலர்ந்த வண்ணம் என்றால் தண்ணீரோ தூரிகையோ இல்லாமல் பூசக்கூடியது: கலர் பென்சில், கிரேயான், ஆயில் பேஸ்டல். வாட்டர் கலரையும் போஸ்டர் கலரையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஸ்கெட்ச் பேனாவில் மை ஈரமாக இருப்பதால் அதைக் கண்காணிப்பாளர் எப்படி எடுத்துக்கொள்வார் என்ற சந்தேகம் வர வாய்ப்புண்டு. வாசலில் விவாதம் செய்ய நேரும் பொருளைக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது. கலர் பென்சிலா, பேஸ்டலா என்பதற்கு என் விடை, இரண்டும் வேண்டும் என்பதே. பேஸ்டல் பெரிய பரப்பை நொடியில் நிரப்பும், ஆனால் ஓரம் கூராக நிற்காது, கை பட்டால் இழுபடும். கலர் பென்சில் ஓரங்களைத் திருத்தமாகக் காட்டும், ஆனால் ஒரு கைகுட்டை அளவுப் பரப்பை நிரப்பவே கை வலித்துவிடும். ஆகவே பரப்புக்குப் பேஸ்டலும் ஓரத்துக்குப் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம்.

பென்சில்களில் மெல்லிய அமைப்புக் கோடுகளுக்கு ஹெச்பி, உருவக் கோடுகளுக்கு 2பி, நிழலுக்கு 4பி அல்லது 6பி என மூன்று அளவுகள் போதும். ஒவ்வொன்றிலும் இரண்டை முன்கூட்டியே சீவி வைத்துக்கொண்டால், தேர்வின் நடுவில் முனை உடைந்தாலும் கை நிற்காது.

அந்த 15 செ.மீ. விதியைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். 30 செ.மீ. ஸ்கேலை வைத்தே மாதக்கணக்கில் பழகியவருக்குத் தாளின் குறுக்கே போகும் நீண்ட கோடு தேர்வறையில்தான் சிக்கலாகும். குட்டி ஸ்கேலை நகர்த்தி நகர்த்தி ஒட்டிய கோடு நடுவில் முறிந்து தெரியும். ஆகவே வெறும் கையால் நீளக்கோடு இழுக்கப் பழக வேண்டும். தொடக்கத்தையும் முடிவையும் இரண்டு புள்ளிகளாக வைத்து, பார்வையைப் பென்சில் முனையில் அல்லாமல் முடிவுப் புள்ளியில் நிறுத்தி, மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையை நகர்த்துங்கள். கோடு வில்லாக வளைந்தால் இன்னும் மணிக்கட்டுதான் வேலை செய்கிறது என்று பொருள்.

படி 2: நேரத்தைப் பிரித்தல்

பகுதி ஏ-யில் மூன்று கேள்விகள்: ஏ1 வண்ண அமைப்பு, 25 மதிப்பெண், ஏ2 கறுப்பு வெள்ளைக் காட்சி வரைதல், 25 மதிப்பெண், ஏ3 முப்பரிமாண அமைப்பு, 30 மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு நிமிடம் என்று கொண்டால் 80 நிமிடம் ஆகிறது. கேள்விகளைப் படிக்கவும் கடைசியில் சரிபார்க்கவும் 10 நிமிடம் மிஞ்சுகிறது. இதைவிடச் சிக்கலான கால அட்டவணை தேவைப்படுவதில்லை. வரைய நன்றாக வருகிறவர்கள்தான் இதை மீறுகிறார்கள்: ஏ2-வில் ஐம்பது நிமிடம் செலவழித்துவிட்டு, அதிக மதிப்பெண் கொண்ட ஏ3-க்குப் பத்து நிமிடத்தோடு வந்து நிற்பார்கள்.

படி 3: ஏ1, வண்ண அமைப்பு

கொடுக்கப்பட்ட வடிவங்களையோ ஒரு கருப்பொருளையோ வைத்து ஒரு பரப்பை நிரப்பச் சொல்வார்கள். தாளின் ஓரத்தில் தீப்பெட்டி அளவில் இரண்டு குட்டிப் படங்கள் போட்டுப் பார்த்து, பெரிய வடிவம் எங்கே நிற்கிறது, கண் முதலில் எங்கே போகிறது என்று முடிவு செய்த பிறகே பெரிதாக வரையுங்கள். பெட்டியில் 24 நிறம் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் பயன்படுத்த வேண்டாம். மூன்று நிறங்களும் அவற்றின் வெளிர், அடர் சாயல்களும் போதும். வெளிர் நிறத்தை முதலில் பூசி, அடர் நிறத்தை அதன் பிறகே பூச வேண்டும். பேஸ்டலில் இந்த வரிசை மாறினால் மஞ்சளுக்குள் கருநீலம் இழுபட்டு அழுக்காகிவிடும், அதை ரப்பரால் எடுக்க முடியாது.

படி 4: ஏ2, காட்சி வரைதல்

ஆரம்பநிலையினர் அதிகம் தடுமாறுவது இங்கேதான் என்பதால் ஒரு மாதிரிக் கேள்வியை முழுதாகச் செய்து பார்ப்போம். "ரயில் நிலைய நடைமேடையில் ஓர் இருக்கையில் அமர்ந்திருக்கிறீர்கள்; எதிரே தெரியும் காட்சியைப் பென்சிலால் வரைக" என்று கேள்வி இருப்பதாகக் கொள்வோம்.

இதில் உயிரான சொல் "அமர்ந்திருக்கிறீர்கள்" என்பது. தொடுவானக் கோடு எப்போதும் பார்ப்பவரின் கண் மட்டத்தில் இருக்கும். நாற்காலியில் அமர்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நடைமேடை சமதளம் என்பதால், 1.6 மீட்டர் உயரமுள்ள ஒருவர் அருகில் நின்றாலும் தொலைவில் நின்றாலும் அந்தக் கோடு அவரை அதே இடத்தில், அதாவது பாதத்திலிருந்து முக்கால் உயரத்தில், மார்பு மட்டத்தில் வெட்டும்.

முதலில் ஹெச்பி பென்சிலால் தாளின் குறுக்கே தொடுவானக் கோட்டை மெல்லியதாக இழுங்கள். அருகில் நிற்கும் போர்ட்டரை 8 செ.மீ. உயரத்தில் வரைவதாக இருந்தால், கோட்டுக்குக் கீழே 6 செ.மீ., மேலே 2 செ.மீ. இருக்க வேண்டும். தொலைவில் நிற்கும் பயணியை 2 செ.மீ. உயரத்தில் வரைந்தால், கீழே 1.5 செ.மீ., மேலே அரை செ.மீ. எல்லாருடைய தலையும் கோட்டுக்கு மேலே இருக்கும். தொலைவு கூடக் கூடத் தலைகள் கோட்டை நோக்கி இறங்கும், பாதங்கள் கோட்டை நோக்கி ஏறும். இந்த ஒரு விகிதத்தைக் கடைப்பிடித்தாலே படம் தரையில் நிற்கும். கேள்வியில் "நின்றுகொண்டு" என்று இருந்திருந்தால், உங்கள் உயரமுள்ள எல்லாருடைய கண்களும் அந்தக் கோட்டிலேயே அமர்ந்திருக்கும்.

அடுத்து நடைமேடையின் விளிம்பு, கூரையின் ஓரம், தண்டவாளங்கள் ஆகிய உங்களை விட்டு விலகிப்போகும் கோடுகள் அனைத்தும் தொடுவானக் கோட்டில் உள்ள ஒரே புள்ளியில் சேர வேண்டும். கண் மட்டத்துக்கு மேலே உள்ள கூரையின் கோடுகள் கீழ்நோக்கியும், கீழே உள்ள தரையின் கோடுகள் மேல்நோக்கியும் போகும். கூரையைத் தாங்கும் தூண்களின் இடைவெளி தொலைவில் குறைந்துகொண்டே போக வேண்டும். சம இடைவெளியில் தூண்கள் வந்தால் படம் தட்டையாகிவிடும்.

கடைசி ஐந்தாறு நிமிடத்தை நிழலுக்கு வையுங்கள். வெளிச்சம் வரும் திசையை முடிவு செய்து, கூரையின் அடிப்பகுதிக்கு 6பி, உருவங்களின் ஒரு பக்கத்துக்கு 4பி என்று கொடுத்து, வெயில் விழும் இடத்தைத் தாளின் வெள்ளையாகவே விட்டுவிடலாம். விரலால் தேய்த்து மழுக்குவதைவிட இணைகோடுகளால் நிழலிடுவது விரைவானது, தாளும் அழுக்காகாது.

படி 5: ஏ3, முப்பரிமாண அமைப்பு

இதற்கான பொருட்களைத் தேர்வு மையமே ஒரு கிட்டாகத் தருகிறது. கொடுக்கப்பட்ட சூழலுக்கு ஏற்ற அமைப்பை அந்தக் கிட்டில் உள்ளவற்றைக் கொண்டே உருவாக்க வேண்டும் என்பதால், வீட்டிலிருந்து பசையோ கத்தரிக்கோலோ கொண்டுபோகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பயிற்சியின்போதும் ஃபெவிகால் இல்லாமல் பழகுவதே சரி.

கிட்டைப் பிரித்ததும் எல்லாத் துண்டுகளையும் மேசையில் பரப்பி, எது தானாக நிற்கும், எதை மடித்தால் நிற்கும், எது எதற்குள் செருகும் என்று பார்க்க மூன்று நிமிடம் கொடுங்கள். தட்டையான தாள் நிற்காது. நடுவில் ஒரு மடிப்பு விழுந்தாலே நிற்கும், விசிறி மடிப்பு போட்டால் சிறு பாரத்தையும் தாங்கும். "மழைக்கு ஒதுங்கும் இடம்" என்பது சூழல் என்றால், முதலில் மூன்று இடங்களில் ஊன்றி நிற்கும் அடித்தளம், பிறகு ஒரு பக்கம் தாழ்ந்த கூரை, கடைசியில் உள்ளே ஆள் நிற்கும் வெளி என்ற வரிசையில் போகலாம். அலங்காரத்திலிருந்து தொடங்குகிற அமைப்பு பாதியில் சாயும். மேசையை லேசாகத் தட்டிப் பாருங்கள். ஆடினால் உயரத்தைக் குறையுங்கள். நான்கு பக்கமிருந்தும் திருப்பிப் பார்த்து, ஒரு பக்கம் வெறும் முதுகாகத் தெரிந்தால் அங்கேயும் ஒரு திறப்போ மடிப்போ சேருங்கள்.

படி 6: பகுதி பி-யிலும் மற்ற தேர்வுகளிலும் மாறும் விதிகள்

நாட்டாவின் பகுதி பி-யில் 50 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 108 நொடி. முந்தைய விடையைப் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினம் மாறும் முறை என்பதால், வரைதலைப் போல முன்னும் பின்னும் போய்வர முடியாது.

திருச்சி என்.ஐ.டி.யின் பி.ஆர்க். இடங்களுக்கு ஜே.இ.இ. மெயின் தாள் 2ஏ எழுத வேண்டும். அதில் வரைதல் கேள்விகள் இரண்டு, 100 மதிப்பெண். இங்கே ஜியோமெட்ரி பாக்ஸையே கொண்டுபோகலாம். கலர் பென்சிலும் கிரேயானும் உண்டு, வாட்டர் கலர் கூடாது. பொது விதிகளில் "பென்சில் பெட்டிக்கு அனுமதியில்லை" என்று படித்துவிட்டு வெறும் கையோடு போகிறவர்கள் உண்டு. அது மற்றத் தாள்களை எழுதுவோருக்கானது, பி.ஆர்க். எழுதுவோருக்குத் தனி விலக்கு இருக்கிறது. கணிதம், திறனறி, வரைதல் மூன்றும் ஒரே மூன்று மணி நேரத்துக்குள் வருவதால், வரைதலுக்கான நேரத்தை நீங்களே ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

வடிவமைப்புப் படிப்புக்கான யூசீட் தேர்வை மும்பை ஐ.ஐ.டி. நடத்துகிறது. அதன் வரைதல் பகுதி 60 நிமிடம், தலா 50 மதிப்பெண்ணில் இரண்டு கேள்விகள். கேள்வி கணினித் திரையில் தோன்றும், விடையை அவர்கள் தரும் தாளில் வரைய வேண்டும். முதல் பகுதியின் மதிப்பெண்ணால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் வரைதல் தாள் மட்டுமே திருத்தப்படும் என்பதால், யூசீட்டுக்குப் படிக்கிறவர் கணினிப் பகுதியை முதலில் உறுதிப்படுத்திக்கொண்டு வரைதலுக்கு வர வேண்டும்.