முட்டைக்கோஸை விலக்கிவிட்டு உப்பைக் கவனிக்காத தைராய்டு ஆலோசனை

ஈரோட்டுப் பக்கம் உணவு ஆலோசனைக்குப் புதிதாக வருகிறவர்கள் இன்னமும் அந்தப் பழைய தாளைத்தான் நீட்டுகிறார்கள்: "தைராய்டா? முட்டைக்கோஸ், காலிஃபிளவர் கூடாது." எங்கள் தலைமுறை உணவு ஆலோசகர்கள் பரப்பிய தாள்தான் அது.

வெந்த பொரியலுக்குத் தடை போடுவது

காயை நறுக்கும்போது மைரோசினேஸ் என்ற நொதி, அதிலுள்ள குளுக்கோசினோலேட்டுகள் என்ற பொருள்களை உடைக்கிறது. அதிலிருந்து வரும் தயோசயனேட், அயோடினோடு போட்டியிட்டு அது தைராய்டுக்குள் நுழைவதைக் குறைக்கிறது. இப்படித் தைராய்டுக்குத் தடையாகும் பொருள்களைத்தான் காய்ட்ரோஜன்கள் என்கிறோம். காய் வெந்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். குடல் பாக்டீரியாக்கள் மிச்சத்தில் கொஞ்சத்தை உடைக்கும் என்றாலும், அயோடின் போதுமான உடலுக்கு ஒரு கரண்டிப் பொரியல் பொருட்டே அல்ல.

உப்பு என்னவென்று கேட்காதது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு கர்ப்பிணி வந்தார். கழுத்தில் லேசான வீக்கம். காலிஃபிளவரைக் கண்ணாலும் பார்ப்பதில்லை என்றார். "வீட்டில் என்ன உப்பு?" என்று கேட்டேன். "இந்துப்புதானுங்க. அதுதான் உடம்புக்கு நல்லதுங்களாமே?" தாளைக் கொடுத்தவர் இதைக் கேட்கவே இல்லை.

தைராய்டு ஹார்மோனை அயோடின் இல்லாமல் உடலால் செய்யவே முடியாது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும், கர்ப்பிணிக்கு 250. கடையில் வாங்கும் அயோடின் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் 5 கிராம் உப்பு 75 மைக்ரோகிராம் தரும். சமையலில் அதிலும் கொஞ்சம் போகும். மீதி பால், முட்டை, கடல் மீனிலிருந்து வர வேண்டும். அவர் வீட்டிலோ கடல் மீன் அபூர்வம். அயோடின் சேர்க்காத இந்துப்பு, கல் உப்பு இரண்டிலும் அந்த 75-கூடக் கிடைக்காது. குழந்தையின் மூளை வளரும் மாதங்களில் இந்தக் குறை வந்தால் பின்னால் ஈடுகட்ட முடியாது.

வீக்கத்துக்குக் காரணம் உப்புதான் என்று நான் முடிவு கட்டவில்லை. ஹாஷிமோட்டோ என்னும் தன்னெதிர்ப்பு நோயிலும் கழுத்து வீங்கும். டிஎஸ்எச், ஆன்டிபாடி சோதனைகளுக்கும் ஸ்கேனுக்கும் மருத்துவரிடம் அனுப்பினேன். அயோடின் உப்புக்கு மாறச் சொன்னேன். கூடுதல் உப்போ, சொந்த முடிவில் அயோடின் சொட்டு மருந்தோ வேண்டாம் என்றேன். அளவு மீறினாலும் தைராய்டு கெடும்.

பச்சையாகக் கிலோக்கணக்கில்

இது வேறு கதை. அமெரிக்காவில் 88 வயதுப் பெண் ஒருவர் பாக் சோய் என்ற கோஸ் இனக் கீரையை தினமும் ஒரு கிலோவுக்கு மேல் பச்சையாகப் பல மாதங்கள் தின்று, தைராய்டு குறைவால் நினைவிழந்து மருத்துவமனையில் சேர்ந்தார். 2010-இல் பதிவான நிகழ்வு. காலையில் பச்சைக் கோஸ் சாறு குடிப்பவர்கள் அதை விட்டுவிடலாம்.

தைராய்டு மாத்திரையைக் காபியோடு விழுங்குவது

கூடாது. தண்ணீரோடு வெறும் வயிற்றில்; காபி அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி.